2 வட்டியா, 3 வட்டியா? ஒரு வினாத்தாள் நாட்குறிப்பு

ஓகஸ்ட் 3, 2025, ஞாயிறு

பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்து மண்டபத்தில் 17ஆம் திகதி பட்டறை. வட்டி, சேமிப்பு, கடன் என்று அரை நாள் பேச வேண்டும். தொடக்கத்தில் ஒரு சின்ன வினாத்தாள், முடிவில் அதே வகையில் இன்னொன்று. கேள்விகளை எழுதும் பொறுப்பு என்னிடம்.

உலகம் முழுக்க இதற்குப் பயன்படுத்தும் மூன்று கேள்விகள் இருக்கின்றன. அன்னமரியா லுசார்டி, ஒலிவியா மிட்செல் என்ற இரண்டு பொருளியலாளர்கள் அமெரிக்காவில் 2004ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றுக்காக எழுதியவை. முதலாவது கேள்வி, 100 டொலரை 2 வீத ஆண்டு வட்டிக்குப் போட்டால் 5 ஆண்டில் 102 டொலருக்குக் கூடவா, குறையவா என்பது. இரண்டாவது பணவீக்கம். மூன்றாவது பங்குச் சந்தை. மூன்றாவதை இங்கே கேட்டு ஒரு பயனும் இல்லை. இரண்டாவதை நம் ஆட்களிடம் கேட்கவே வேண்டாம். 2022 செப்டெம்பரில் கொழும்பு விலைச்சுட்டெண்படி பணவீக்கம் 69.8 வீதம், அந்த மாதம் மாவு வாங்கியவருக்கு அதைப் பாடமாக நடத்துவது கொஞ்சம் அதிகம்.

லயத்து வாசலுக்கு வருவது கிழமைக் கடனும் மாதக் கடனும்தான். ஆகவே கடன் கேள்வியில்தான் நேரத்தைச் செலவழிக்கப் போகிறேன்.

ஓகஸ்ட் 5, செவ்வாய்

எண்களைத் தேர்ந்தெடுத்தேன். கணக்குப் போடத் தெரிகிறதா என்று பார்ப்பது நோக்கமல்ல, வட்டி எதன்மேல் விழுகிறது என்று தெரிகிறதா என்பதே கேள்வி. அதனால் எண்கள் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். 60,000 ரூபா, 12 மாதம். முதல் மட்டும் மாதம் 5,000.

2 வட்டி என்றால் நம் ஊரில் மாதத்துக்கு நூற்றுக்கு இரண்டு. வங்கி ஆண்டுக்குச் சொல்லும், கடன்காரர் மாதத்துக்குச் சொல்வார். வினாத்தாளில் ஒவ்வொரு இடத்திலும் 'மாதத்துக்கு' என்று எழுதியே ஆக வேண்டும்.

முழுத்தொகைக்கும் வட்டி போடுபவர், அதாவது ஃப்ளாட் ரேட்காரர், 60,000க்கு 1,200 என்று 12 மாதமும் வாங்குவார். தவணை 6,200. மொத்த வட்டி 14,400. மீதிக்கு மட்டும் வட்டி போட்டால் முதல் மாதம் அதே 1,200, அடுத்த மாதம் 55,000க்கு 1,100, பிறகு 1,000. கடைசி மாதம் வெறும் 100. எல்லாம் கூட்டினால் 7,800. இரண்டுக்கும் பெயர் '2 வட்டி'. வித்தியாசம் 6,600 ரூபா.

ஃப்ளாட் கடனின் கடைசி மாதத்தைப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவு. கையில் மிஞ்சியிருக்கும் கடன் 5,000. அதற்கு வட்டி 1,200. அந்த ஒரு மாதத்துக்கு மட்டும் 24 வட்டி!

ஓகஸ்ட் 6, புதன்

கேள்வியை இப்படி வைத்தேன். இரண்டு பேர் 60,000 தருகிறார்கள், 12 மாதத்தில் கட்டி முடிக்க வேண்டும். ஒருவர் மாதத்துக்கு 2 வட்டி, எடுத்த முழுத்தொகைக்கும். மற்றவர் மாதத்துக்கு 3 வட்டி, மீதிக் கடனுக்கு மட்டும். எது நல்லது?

3 வட்டிக்காரரிடம் வட்டி 1,800இல் தொடங்கி மாதம் 150 குறைந்து 150இல் முடியும். மொத்தம் 11,700. 2 வட்டிக்காரரை விட 2,700 குறைவு. மேலே எழுதியிருக்கும் வட்டி எண்ணை மட்டும் பார்ப்பவர் பிழையான விடையில் விழுவார். எனக்கு வேண்டியதும் அதுதான். ஆட்கள் உண்மையில் செய்யும் தவறே பிழையான விடையாக இருக்க வேண்டும். சும்மா நிரப்புவதற்கு ஒரு விடை எழுதினால் அதை யாரும் தொடமாட்டார்கள்.

ஓகஸ்ட் 9, சனி

முன்பள்ளி டீச்சர் வீட்டில் சில அக்காமார்களை உட்காரவைத்துக் கேள்வியை வாசித்துக் காட்டினேன். கொழுந்து பறிக்கும் ஒரு அக்கா கொஞ்ச நேரம் விரலை மடக்கி எண்ணிவிட்டுச் சொன்னார்:

"ரெண்டு வட்டிக்காரர்தான் நல்லது தம்பி. மூணு வட்டிக்காரருக்கு மொத மாசமே 6,800 கட்டணுமே. அவ்வளவு காசு எங்கருந்து வரும்? இவருக்கு 6,200 போதும்."

வட்டி புரியாமல் சொன்ன பதில் அல்ல இது. முதல் நான்கு மாதமும் 3 வட்டிக்காரரின் தவணைதான் பெரியது, ஐந்தாவது மாதம் இரண்டும் 6,200, அதன் பிறகுதான் இறங்கும். சம்பளத்தில் பிடித்தது போக மிஞ்சுவதை வைத்துக் குடும்பம் நடத்துபவருக்கு அந்த நான்கு மாதம்தான் பெரிய கேள்வி. 'எது நல்லது' என்று கேட்டால் செலவு, சுமை இரண்டையும் ஒன்றாகக் கேட்டதாகிவிடும். 'மொத்தமாக யாரிடம் குறைவாக வட்டி கட்டுவீர்கள்' என்று மாற்றினேன். அக்கா சொன்னதைப் பட்டறையில் தனியாகப் பேச வைத்திருக்கிறேன்.

ஓகஸ்ட் 11, திங்கள்

வங்கியில் வேலைசெய்து ஓய்வுபெற்ற அண்ணன் ஒருவர் தாளைப் பார்த்தார். "வங்கியில இப்படி இறங்குற தவணையை விட, மாசா மாசம் ஒரே தொகை கட்டுறதுதான் கூட. தவணை சமமா இருந்தா ஃப்ளாட்னு சனம் நினைச்சிடக் கூடாது" என்றார்.

சரியான எச்சரிக்கை. 3 வட்டியை மீதிக்கு மட்டும் போட்டுச் சமமாகப் பிரித்தால் தவணை ஏறக்குறைய 6,028, மொத்த வட்டி 12,330 வரும். அப்போதும் 2 வட்டி ஃப்ளாட்டைவிடக் குறைவே. ஆனால் 6,028, 6,200 என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் சின்ன எண்ணைத் தொட்டுவிட்டுப் போவார்கள், கேள்வி செத்துவிடும். கேள்வியில் இறங்கும் தவணையையே வைத்துக்கொண்டு, சமத் தவணையை விளக்கத்தில் சேர்க்கிறேன்.

அவர் சொன்ன சோதனை ஒன்றையும் கேள்வியாக்கிவிட்டேன். கடன் வாங்குமுன் கேட்க வேண்டியது: "கடைசித் தவணையில் வட்டி எவ்வளவு?" முதல் தவணையில் உள்ள அதே தொகை என்றால் ஃப்ளாட். மிகவும் சின்னது என்றால் மீதிக்கு வட்டி. பதிலே சொல்லாவிட்டால் கையெழுத்துப் போட அவசரப்பட வேண்டாம்.

ஓகஸ்ட் 13, புதன்

சேமிப்புக்குச் சீட்டை எடுத்தேன். 10 பேர், மாதம் 5,000, குலுக்கலில் பெயர் வருபவருக்கு 50,000. முதல் மாதம் எடுப்பவருக்கு வட்டியில்லாக் கடன், கடைசியில் எடுப்பவருக்கு வட்டியில்லாச் சேமிப்பு. இதை எல்லோரும் சரியாகச் சொல்வார்கள் என்று நினைக்கிறேன். முதல் கேள்வியாக வைத்தால் தாளைப் பார்த்துப் பயம் வராது.

'தெரியாது' என்ற விடையைச் சேர்ப்பதா? ஆய்வுகளில் பெண்களே அதைக் கூடுதலாகத் தொடுகிறார்கள். அதை எடுத்துவிட்டுக் கேட்டபோது பலர் சரியான விடையைச் சொன்னார்கள். தெரிந்தும் துணியாதவர்கள். ஆனால் இல்லையென்றால் கண்ணை மூடிக்கொண்டு தொட்டதும் சரியாகிவிடும். 'தெரியாது' இருக்கட்டும், கூடவே 'நிச்சயமில்லாவிட்டாலும் நினைப்பதைத் தொடுங்கள்' என்று வாசிப்பவர் ஒருமுறை சொல்லட்டும்.

ஓகஸ்ட் 17, ஞாயிறு

கேள்விகளை டீச்சர் உரக்க வாசித்தார். எழுத்து மெதுவாக வாசிப்பவர் பின்தங்கக் கூடாது. கை தூக்கச் சொல்லவில்லை. தூக்கினால் பக்கத்தில் பார்த்துத்தான் தூக்குவார்கள். பெயரில்லாத துண்டில் புள்ளடி, பெட்டிக்குள் போட்டார்கள்.

சீட்டுக் கேள்வி நினைத்தபடியே போனது. கடன் கேள்வியில் பெரும்பாலோர் 2 வட்டிக்காரரைத் தொட்டிருந்தார்கள். பலகையில் மாதம் மாதமாக மீதியை எழுதி, 24 வட்டி வரும் இடத்துக்கு வந்ததும் மண்டபத்தில் சத்தம். ஓர் அம்மா தன் கடன் புத்தகத்தைப் பையிலிருந்து எடுத்துக்கொண்டு எழுந்தே வந்துவிட்டார்.

முடிவுத் தாளில் எண்கள் வேறு: 30,000, 10 மாதம், 3 வட்டி. ஃப்ளாட் என்றால் வட்டி 9,000, மீதிக்கு மட்டும் என்றால் 4,950. அதே எண்களையே கேட்டிருந்தால் ஞாபகத்தைத்தான் அளந்திருப்போம். சரியான விடைகள் நன்றாகக் கூடியிருக்கின்றன, ஆனாலும் பாடம் சூடாக இருக்கும்போதே வைத்த தாள். தீபாவளி முடிந்ததும் மூன்றாவது தாளோடு வரச்சொல்லி டீச்சர் கேட்டிருக்கிறார். அதில் ஆரம்பத்திலேயே ஃபைல் காசு பிடித்துக்கொண்டு தரும் கடனைச் சேர்க்க வேண்டும்.