அடைமழையில் இரட்டைக் குட்டிகள்: முதல் மாதக் குறிப்பு

ஐப்பசியில் ஈன்ற வெள்ளாடு, இரண்டு குட்டிகள். பெரியது 2.4 கிலோ, சிறியது 2 கிலோ. கவனமெல்லாம் சிறியதன் மேல்தான், ஏனென்றால் பெரியது மடியை விடாது.

முதல் நாள்: தொப்புள்கொடியை டிங்சர் அயோடினில் நனைத்தாயிற்று. இரண்டு காம்பிலும் முதல் பீச்சுப் பாலைக் கறந்து அடைப்பு இல்லை என்று பார்த்த பிறகு, ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால். உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு என்பது கணக்கு. 2 கிலோ குட்டிக்கு ஒரு நாளில் 200 மி.லி., அதை 50 மி.லி.யாக நான்கு தடவை. சிறியது சப்பவில்லை. வாய்க்குள் விரலை விட்டால் சில்லென்று இருந்தது. அந்த நிலையில் பாலை ஊற்றினால் விழுங்காது, நுரையீரலுக்குப் போய்விடும். முதலில் துடைத்து, சாக்கில் சுற்றி, துணி சுற்றிய வெந்நீர்ப் பாட்டிலை அருகில் வைக்க வேண்டும். வாய் சூடேறி விரலைச் சப்பத் தொடங்கியதும், நிற்க வைத்துப் புட்டியில் கொடுத்தாயிற்று. சூடேறியும் சப்பாத குட்டியைக் கால்நடை மருத்துவரிடம்தான் கொண்டுபோக வேண்டும். குழாய் வழியாகப் பால் செலுத்துவது பழகிய கை செய்யும் வேலை.

இரண்டாம் வாரம்: வயிறு நிறைகிறதா என்பதைத் தராசு சொல்லும். வாரம் ஒரு முறை, காலையில் பால் குடிக்குமுன் நிறுத்தால் போதும். சிறியதன் எடை ஏறாததால் தாய்ப்பாலைக் கறந்து காலை, மாலை புட்டியிலும் கொடுக்கிறோம். வயிறு நிறையாத குட்டி முதுகை வளைத்துக்கொண்டு நிற்கும், ஓயாமல் கத்தும்.

கொட்டில்: மூங்கில் பரண், தரையிலிருந்து மூன்றடி உயரம். இடைவெளி ஒன்று முதல் ஒன்றரை சென்டிமீட்டர். அதற்கு மேல் போனால் குட்டியின் கால் சிக்கும். குட்டிகள் படுக்கும் மூலையில் வைக்கோல், நனைந்தால் அன்றே மாற்ற வேண்டும். சாரல் வரும் பக்கம் மட்டும் தார்ப்பாய். நான்கு பக்கமும் மூடினால் மூத்திர வாடை தேங்கி இருமல் வரும்.

மூன்றாம் வாரத்துக்குப் பின் ஈரத்தின் ஆபத்து வேறு: காக்சிடியா என்ற குடல் ஒட்டுண்ணியால் வரும் ரத்தக் கழிச்சல். புழுக்கையோடு விழும் அதன் முட்டைகள் சூடும் ஈரமும் இருந்தால் இரண்டு மூன்று நாளில் தொற்றும் நிலைக்கு முதிரும். தினமும் கூட்டிக் காயவிடுவதன் காரணம் இதுதான். சுண்ணாம்புத் தூளை மட்டும் நம்ப முடியாது, அந்த முட்டை ஓடு கெட்டி. தீவனத் தட்டையும் பரணுக்கு வெளியே தொங்கவிட வேண்டும், குட்டி அதில் ஏறிக் கழியக் கூடாது.

நான்காம் வாரம்: சிறியதன் வால் அடியில் பிசுபிசுப்பு, புழுக்கை உருண்டையாக இல்லை, பால் குடிப்பதில் மந்தம். ரத்தம் தெரியும்வரை காத்திருக்கத் தேவையில்லை. உடல் சூடு 103. இயல்பே 102 முதல் 103.5 டிகிரி ஃபாரன்ஹீட் என்பதால் காய்ச்சல் இல்லை. குடற்புழு மருந்து இதற்குக் கேட்காது. புதுப் புழுக்கையை டப்பாவில் போட்டு மருத்துவமனையில் பார்த்ததில் காக்சிடியா உறுதியானது. எடைக்கேற்ற சல்ஃபா மருந்தை மருத்துவர் எழுதினார். தோலைக் கிள்ளினால் மடிப்பு மெதுவாகப் படிந்ததால், பாலை நிறுத்தாமல், இடையிடையே ஓ.ஆர்.எஸ். கரைசலும் கொடுக்கிறோம். பெரிய குட்டிக்கு அறிகுறி இல்லாவிட்டாலும் அதே கொட்டில் என்பதால் அதற்கும் மருந்து உண்டு. பழைய வைக்கோல் முழுதும் குழிக்குப் போயிற்று.