மாமி ‘இல்லை’யில் புள்ளடி போட்ட படிவம்

பாசிக்குடாவில் ஓர் ஆயுர்வேத விடுதி. விருந்தினர் வந்திறங்கியதும் நிரப்பும் உடல்நலப் படிவத்தைத் தமிழில் தரும்படி கேட்டார்கள். கனடாவிலும் சுவிஸிலும் இருக்கும் பிள்ளைகள் பெற்றோரைக் கூட்டி வந்து இரண்டு கிழமை தங்க வைக்கிறார்கள், ஆங்கிலப் படிவம் அந்த ஆட்களுக்கு உதவவில்லை என்றார்கள். இரண்டு பக்கம்தானே, இரண்டு நாளில் முடித்துவிடலாம் என்று ஒப்புக்கொண்டேன். ஐந்து கிழமை போனது.

முதல் பயணமே வீண். மட்டக்களப்பில் இருந்து வாழைச்சேனை பஸ் பிடித்து, அங்கிருந்து ஓட்டோவில் போய் இறங்கினால், அன்றைக்குப் போயா, டொக்டர் லீவு. முன் மேசையில் இருந்த தம்பி, “டொக்டர் எதுக்கு சேர்? இங்கிலீசில இருக்கிறத அப்படியே மாத்திக் குடுங்க” என்றார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. நானும் அப்படியேதான் நினைத்திருந்தேன். பிறப்புச் சான்றிதழும் காணி உறுதியும் மொழிபெயர்த்தே பழகிய கை என்னுடையது. உயர் குருதி அமுக்கம், குருதி உறைதலெதிர் மருந்துகள், இத்தால் உடன்படுகிறேன் என்று அழகாக அடுக்கிக் கொடுத்தேன். முகாமையாளருக்கு நல்ல சந்தோசம். அச்சுக்குப் போக இருந்தது.

அதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை, சும்மா ஒரு பிரதியை மாமியிடம் கொடுத்து நிரப்பச் சொன்னேன். மாமிக்கு இதயத் துடிப்பில் கோளாறு, பல வருசமாக வார்பரின் போடுகிறார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாக வாசித்தவர், ‘குருதி உறைதலெதிர் மருந்துகள் பாவிக்கிறீர்களா?’ என்ற கேள்விக்கு நேராக, ‘இல்லை’யில் புள்ளடி போட்டார்.

“மாமி, நீங்க வார்பரின் போடுறீங்கதானே?”

“ஓம் தம்பி. அது ரத்தம் தண்ணியா ஓடுறதுக்குக் குடுத்த குளிசை. இதில கேட்டிருக்கிறது உறையிற வருத்தமெல்லோ? எனக்கு உறையல்லயே.”

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அடுத்த கிழமை டொக்டரைப் பிடித்து விசயத்தைச் சொன்னேன். அவர் சிங்களவர், ஆங்கிலத்தில் பேசிக்கொண்டோம். அந்தக் கேள்வியை எதற்குப் போட்டிருக்கிறார்கள் என்று அப்போதுதான் விளங்கியது. வார்பரின் போடுகிறவரை அழுத்தித் தேய்த்தால் உள்ளே இரத்தம் கண்டிவிடும். அட்டை விட்டால் கடிவாயில் இருந்து இரத்தம் நிற்காது. பேதிக்குக் கொடுத்து, சாப்பாட்டையும் கஞ்சியாகக் குறைத்தால், அதே அளவு குளிசை கூடுதலாக வேலை செய்து, எங்காவது இரத்தக் கசிவு வரலாம். ஒரு புள்ளடியை நம்பித்தான் அவர் இத்தனையையும் முடிவு செய்கிறார்.

கேள்வியை இப்படி மாற்றினேன்: ‘இரத்தம் கட்டியாகாமல் இருக்க, அல்லது இரத்தத்தைத் தண்ணியாக்க, குளிசையோ ஊசியோ எடுக்கிறீர்களா? (உதாரணம்: வார்பரின், கிளோபிடோகிரெல், அஸ்பிரின்)’. அதற்குக் கீழே ஒரு வரி: ‘கிளினிக் கொப்பியையும் குளிசை அட்டைகளையும் டொக்டரிடம் காட்டுங்கள்.’ எங்கள் ஆட்கள் வருத்தத்தின் பெயரை மறப்பார்கள், கிளினிக் கொப்பியை மறக்க மாட்டார்கள். வெளிநாட்டில் இருந்து வருகிறவர்களிடம் கொப்பி இருக்காது, குளிசை அட்டை கட்டாயம் பையில் இருக்கும்.

பிறகு ‘வாதம்’. ஆங்கிலப் படிவத்தில் வாத, பித்த, கபக் கோளாறு உண்டா என்று ஒரு கேள்வி. இது நம்முடைய சொல்தானே, மொழிபெயர்க்க என்ன இருக்கிறது என்று அப்படியே விட்டிருந்தேன். பக்கத்து வீட்டு அக்கா ‘வாதம் இல்லை’ என்று போட்டார். ஏனென்று கேட்டால், “எனக்குக் கை கால் இழுக்கல்லயே” என்கிறார். அவருக்கு வாதம் என்றால் பாரிசவாதம்தான். ‘பித்தம்’ என்ற இடத்தில், காலையில் தலை சுற்றினால் பித்தம் என்று எழுதி வைத்திருந்தார். சொல் நம்முடையது, பொருள் வேறாகிவிட்டது. டொக்டரிடம் கேட்டு அந்தக் கேள்வியையே எடுத்துவிட்டு, மலச்சிக்கல், மூட்டு நோவு, நெஞ்செரிவு, சளி என்று தனித்தனியாகக் கேட்டோம். மூன்று தோசத்தையும் கணிப்பது அவர் வேலை.

இன்னொரு பொறி: ‘எனக்குப் பின்வரும் நோய்கள் எதுவும் இல்லை: ஆம் / இல்லை.’ இதற்கு ‘இல்லை’ என்றால் நோய் இல்லை என்பதா, இருக்கிறது என்பதா? நான் கொடுத்துப் பார்த்த ஐந்து பேரில் இரண்டு பேர் ஒரு விதமாக, மூன்று பேர் மற்ற விதமாக எடுத்தார்கள். எல்லாவற்றையும் ‘இருக்கிறதா?’ என்று நேராகக் கேட்டு, ‘ஓம், இல்லை, தெரியாது’ என்று மூன்று பெட்டி வைத்தேன். ‘தெரியாது’ வைக்க முகாமையாளருக்கு விருப்பமில்லை. டொக்டர்தான் விடாப்பிடியாக வேண்டும் என்றார். அந்தப் பெட்டி இல்லாவிட்டால் தெரியாதவர் எல்லாம் ‘இல்லை’ போட்டுவிடுவார்.

யாராவது இந்த வேலை செய்தால் ஒன்று சொல்கிறேன். கொடுத்துப் பார்க்கும்போது “விளங்கிச்சா?” என்று கேட்காதீர்கள். எல்லாரும் ஓம் என்பார்கள். “இதில என்ன கேட்டிருக்கு, உங்கட வாயால சொல்லுங்க” என்று கேளுங்கள்.

சம்மதப் பகுதியில்தான் சண்டை. ‘மருத்துவர் பொருத்தமெனக் கருதும் சகல சிகிச்சைகளுக்கும் இத்தால் உடன்படுகிறேன்’ என்று ஒரே வசனம். வஸ்தி, விரேசனம் என்ற பெயர்கள் எல்லாம் அதற்குள் ஒளிந்து கிடந்தன. மாமியிடம் வஸ்தி என்றால் என்ன என்றேன். ஏதோ எண்ணெய் பூசுறது என்றார். மலவாசலால் மருந்து ஏற்றுவது என்று சொன்னதும், “ஐயோ, அதுக்கா கையெழுத்து வாங்குறாங்க?” என்று பேனையை வைத்துவிட்டார். ஒவ்வொரு சிகிச்சைக்கும் ஒரு வரி எழுதினேன். விரேசனம்: பேதி மருந்து குடித்து வயிற்றைக் கழுவுவது, சீனி வருத்தத்துக்குக் குளிசை அல்லது ஊசி எடுப்பவர் முதலில் சொல்ல வேண்டும். வஸ்தி: மலவாசலால் எண்ணெய் அல்லது கசாயம் ஏற்றுவது. பக்கத்தில் தனித்தனிப் பெட்டி. முடிவில் ‘எந்த நேரமும் வேண்டாம் என்று சொல்லி நிறுத்தலாம்’ என்ற வரி. ஆங்கிலத்திலும் அது இருந்தது, ஆறாவது வரியின் நடுவில்.

பொறுப்புத் துறப்பையும் பணம் திருப்பித் தராத நிபந்தனையையும் வேறு தாளுக்கு மாற்றச் சொன்னேன். டொக்டரும் சேர்ந்து சொன்னதால் நடந்தது. ‘முரண்பாடு இருப்பின் ஆங்கில வடிவமே செல்லும்’ என்ற வரியை மட்டும் எடுக்க வைக்க முடியவில்லை. தமிழில் வாசித்துக் கையெழுத்து வைப்பவருக்கு வாசிக்காத தாள்தான் செல்லும் என்றால் என்ன நியாயம் என்று கேட்டேன். தலைமை அலுவலக முடிவு என்றார்கள். அதனால் ஆங்கிலப் படிவத்தையும் தமிழுக்கு ஏற்றபடி கேள்விக்குக் கேள்வி திருத்த வைத்தேன். இலக்கங்களும் ஒன்றாகிவிட்டன. தமிழ் வாசிக்கத் தெரியாத டொக்டர், 14இல் ‘ஓம்’ இருந்தால் ஆங்கிலத் தாளில் 14ஐப் பார்த்துக்கொள்வார். கையால் எழுதும் பதில்களை மட்டும் எண்ணெய் பூசும் தங்கச்சி வாசித்துச் சொல்ல வேண்டும்.

கடைசிப் பிரதியை மாமியிடம் கொடுத்தபோது வார்பரினுக்கு ‘ஓம்’, வஸ்திக்கு ‘இல்லை’. பில்லைப் பக்கக் கணக்கில்தான் தீர்த்தார்கள். நான்கு பக்கம்.