நன்றி ஸ்லைடு

செங்குன்றத்தில் ஒரு கிடங்கு. சரக்கு கொண்டுவரும் லாரிகள் வாசலில் காத்துக் கிடப்பதை எப்படிக் குறைப்பது என்று ஆராய்ந்து சொல்லும் வேலை எங்களுடையது. முதல் கூட்டத்துக்கு 22 ஸ்லைடு போட்டிருந்தேன். முதலாவதில் 'கிடங்குச் செயல்பாடு ஆய்வு' என்ற தலைப்பு, லோகோ, தேதி. கடைசியில் பெரிய எழுத்தில் 'நன்றி'.

பேசி முடித்த பிறகு 25 நிமிடம் கேள்வி நேரம். அவ்வளவு நேரமும் திரையில் நின்றது அந்த 'நன்றி'தான். மற்ற எந்த ஸ்லைடும் இரண்டு நிமிடம்கூட நிற்கவில்லை. வெளியே வரும்போது கிடங்கு மேலாளர் கேட்டார்: "எல்லாம் சரி சார், கடைசியா எங்களை என்னதான் பண்ணச் சொல்றீங்க?" அன்றிரவு ஓ.எம்.ஆர். நெரிசலில் அதையேதான் யோசித்துக்கொண்டு வந்தேன்.

அடுத்த கூட்டத்துக்கு நடுவில் இருந்த ஸ்லைடுகளைத் தொடவில்லை. முதலையும் கடைசியையும் ஒரு ஜோடியாகப் போட்டேன். முதல் ஸ்லைடில் காலை 8 மணியிலிருந்து 12 மணி வரை ஒரே ஒரு நீளப் பட்டை. அதில் 50 நிமிடம் மட்டும் பச்சை, மற்றதெல்லாம் சாம்பல். மேலே தலைப்பாக ஒரு முழு வாக்கியம்: 'நான்கு மணி நேரம் நிற்கும் லாரியில் சரக்கு இறக்க 50 நிமிடம்தான் ஆகிறது.' ஆட்கள் வந்து உட்காரும் பத்து நிமிடமும் இது திரையில் இருந்ததால், நான் வாய் திறக்கும் முன்பே இரண்டு பேர் "அவ்வளவு நேரமா?" என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். தீர்வை வேண்டுமென்றேதான் அங்கே வைக்கவில்லை. மாற்றத்தை விரும்பாதவர் ஒருவர் அறையில் இருந்தார். பதிலை முதலிலேயே காட்டியிருந்தால் கூட்டம் முழுக்க அதோடு மல்லுக்கட்டியிருப்பார்.

கடைசி ஸ்லைடில் அதே பட்டை, அதே நிறங்கள், சாம்பல் மட்டும் சுருங்கியிருந்தது. கீழே ஒரே வரி: 'ஜூன் மாதம் இரண்டு வாசல்களில் நேர முன்பதிவு, ஒப்புதல் மே 15-க்குள்.' யார், எதை, எப்போதைக்குள் என்பதில் 'யார்' விட்டுப்போயிற்று என்று ஒத்திகையில் ஒரு மேடம் பிடித்துச் சொன்னார். 'கிடங்கு மேலாளரின்' என்று ஒப்புதலுக்கு முன்னால் சேர்த்தேன். முதல் வரைவில் வருடச் சேமிப்பு என்று ஒரு தொகையையும் அங்கே போட்டிருந்தேன். நடுவில் எங்கும் விளக்காத தொகை அது. ஒத்திகையில் வந்த கேள்வியெல்லாம் அதைப் பற்றியே. எடுத்துவிட்டேன்.

இன்னொரு சின்ன விஷயம். கடைசி ஸ்லைடில் கை தவறி ஒரு முறை கூடுதலாக அமுக்கினால் பவர்பாயிண்ட் கறுப்புத் திரைக்குப் போய்விடும். அதனால் அதே ஸ்லைடை இன்னொரு பிரதி எடுத்துப் பின்னால் வைத்தேன். கேள்விகளுக்கான விவர அட்டவணைகள் அதற்கும் பின்னால். வேண்டியபோது ஸ்லைடு எண்ணை அடித்து Enter அமுக்கிப் போவது, பதில் சொன்னதும் 22 அடித்து முடிவு ஸ்லைடுக்கே திரும்பிவிடுவது.

இந்த முறை கேள்வி நேரம் 20 நிமிடம். மேலாளர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் விரல் நீட்டி, "அந்த 'இரண்டு வாசல்'... முதல்ல ஒண்ணு போதும் சார்" என்றார். அங்கேயே 'ஒரு வாசலில்' என்று திருத்தினேன். அந்த வரியைத் தன் ஃபோனில் படம் எடுத்துக்கொண்டு போனார்.