புகைப்படத்துக்குக் கீழே ஒரு வரி: 'சாப்டீங்களா'வைத் தாண்டி வந்த அனுபவம்

தண்டையார்பேட்டையில் வசிக்கும் முப்பத்தொரு வயதுப் பெண் நான். துணை தேடும் செயலி ஒன்றில் கணக்குத் தொடங்கியதும், படங்களைத் தேர்ந்தெடுத்ததும் ஒரே மாலையில் முடிந்துவிட்டன. அந்தப் படங்களுக்குக் கீழே எழுத வேண்டிய ஒற்றை வரிகள்தாம் என்னிடம் நான்கு மாதங்களை வாங்கிக்கொண்டன. அந்த நான்கு மாதமும் எனக்கு வந்த செய்திகள் பெரும்பாலும் இரண்டே வகை: "ஹாய்", அல்லது "சாப்டீங்களா". அனுப்பியவர்களைக் குறைசொல்லிப் பயனில்லை என்பது பிறகுதான் எனக்குப் புரிந்தது. வேறு எதைக் கேட்பதற்கும் நான் அவர்களிடம் எதையும் கொடுத்திருக்கவில்லை.

என் முதல் படம், கடற்கரை ரயில் நிலையத்துக்கு அருகில் அத்தோ கடையின் முன் தட்டோடு நிற்கும் படம். பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்கள் கொண்டுவந்த அந்த நூடுல்ஸ் உணவு வடசென்னைக்காரர்களுக்குப் புதிதல்ல. அதற்குக் கீழே "உணவே வாழ்க்கை" என்று எழுதியிருந்தேன். அந்த வரியை எந்தத் தட்டுக்குக் கீழேயும் ஒட்டலாம் என்பதால், அதைப் படித்தவருக்கு என்னிடம் கேட்க ஒன்றும் கிடைக்கவில்லை.

அலுவலகத்தில் என் பக்கத்து இருக்கை அக்கா, "கேள்வியா போடுடி, பதில் வரும்" என்றார். ஆகவே "இது என்ன உணவு, சொல்லுங்கள் பார்க்கலாம்" என்று மாற்றினேன். பதில்கள் வரத்தான் செய்தன. ஆனால் எல்லாம் "அத்தோ" என்ற ஒற்றைச் சொல்தான். நான் "ஆமாம், சரி" என்றதும் இருவருக்கும் பேச எதுவும் மிச்சமில்லை. தெரியாதவர்களோ, தவறாகச் சொல்லிவிடுவோமோ என்ற தயக்கத்தில் நகர்ந்துவிட்டார்கள். விடுகதை போட்டால் தெரிந்தவரோடும் பேச்சு வளராது, தெரியாதவரோடு தொடங்கவே தொடங்காது என்பதை அந்த மூன்று வாரங்களில் கற்றுக்கொண்டேன். கேள்வியை நாம் எழுதக் கூடாது. நடந்த ஒன்றைப் பாதி சொல்லி நிறுத்தினால், மீதியைக் கேட்கும் கேள்வி படிப்பவரின் வாயிலிருந்து தானாக வரும்.

அந்தப் படம் எடுத்த நாளில் உண்மையாகவே ஒன்று நடந்திருந்தது. அத்தோவோடு மசாலா வைத்த அவித்த முட்டை வேண்டும் என்று நானும், வேண்டவே வேண்டாம் என்று அப்பாவும் வாதாடியதில் கடைக்காரர் நடுவராக வந்தார். அதை எழுதினேன்: "முட்டை வேண்டாம் என்று அப்பா, வேண்டும் என்று நான், கடைசியில் அத்தோ கடைக்காரர் ஒரு தீர்ப்பு சொன்னார்." இந்த முறை வரி நன்றாக இருந்தும் யாரும் கேட்கவில்லை. ஏன் என்று ஒரு வாரம் புரியவில்லை. தங்கையின் கைபேசியில் என் பக்கத்தைத் திறந்து பார்த்தபோதுதான் தெரிந்தது: திரையில் "முட்டை வேண்டாம் என்று அப்பா, வேண்டும்" என்பதோடு வரி வெட்டுப்பட்டு, புள்ளிகள் மட்டும் நின்றன. கேட்கத் தூண்டும் 'தீர்ப்பு' என்ற சொல் யார் கண்ணிலும் படவேயில்லை. உங்கள் வரியை இன்னொருவரின் கைபேசியில், முடிந்தால் சிறிய திரையுள்ள ஒன்றில், ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இதில் இன்னொரு இடைஞ்சலும் உண்டு. நாம் 'தீர்ப்பு' என்பதை நான்கு எழுத்தாக எண்ணுகிறோம். ஆனால் அதை எழுதியதும் என் செயலி காட்டும் மீதி எழுத்துகளின் எண்ணிக்கையில் எட்டு குறைந்தது, ஏனென்றால் கணினி புள்ளியையும் கொம்பையும் காலையும் தனித்தனிக் குறியாக எண்ணுகிறது. 'அத்தோ' நமக்கு மூன்று, அதற்கு ஐந்து. ஆகவே வரம்புக்குள் அடங்கும் என்று மனத்தில் கணக்கிட்ட தமிழ் வரி பாதியிலேயே நின்றுவிடும். வரியைச் சுருக்கி, முக்கியமான சொல்லை முன்னால் கொண்டுவந்தேன்: "அத்தோ கடைக்காரர் தீர்ப்பு சொன்ன நாள். வழக்கு: முட்டை." அந்த வாரமே மூன்று பேர் "என்ன தீர்ப்பு?" என்று கேட்டார்கள். அவர்களில் ஒருவர் அத்தோவைச் சாப்பிட்டதே இல்லை, ஆனாலும் கேட்க முடிந்தது. அதுதான் எனக்கு நிறைவாக இருந்தது.

பதிலையும் முன்கூட்டியே யோசித்து வைத்திருந்தேன். எனக்கு முட்டையும், அப்பாவுக்கு அதற்கு ஈடாக இரண்டாவது கிண்ணம் வாழைத்தண்டு சூப்பும் கொடுத்து அந்தக் கடைக்காரர் வழக்கை முடித்தார். "உங்கள் வீட்டில் எதற்குச் சண்டை வரும்?" என்று அதோடு சேர்த்துக் கேட்டுவிட்டால், பேச்சு அவர்கள் பக்கம் போய்விடும். சொல்ல ஒன்றும் இல்லாமல் "இதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது" என்று மட்டும் எழுதிவைப்பவர்கள், அந்தக் கதையைக் கேட்டவரிடம் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

இப்போது, எழுதவே மனம் கசக்கும் பகுதி. என் இரண்டாவது படம் திருவொற்றியூர்க் கரையில், அலைத் தடுப்புக் கற்களின்மேல் நான் உட்கார்ந்திருக்கும் படம். "ஞாயிறு காலை ஆறு மணிக்குத் தேநீரோடு இங்கேதான் இருப்பேன்" என்று எழுதியிருந்தேன். எளிதாகக் கேள்வி கேட்கக்கூடிய வரிதான். ஆனால் மூன்றாவது ஞாயிறு, நான் பதில் எழுதாமல் விட்டிருந்த ஒருவர் அந்தக் கற்களுக்கு அருகில் நின்றுகொண்டிருந்தார். "நீங்கதானே போட்டிருந்தீங்க" என்றார். தேநீர்க் கடை அக்கா என்னை உள்ளே உட்காரவைத்து, அவர் போகும்வரை என்னோடு பேசிக்கொண்டிருந்தார். செயலிக்குப் புகார் எழுதினேன். 'உங்கள் கருத்துக்கு நன்றி' என்ற ஆயத்தப் பதிலைத் தவிர இன்றுவரை ஒன்றும் வரவில்லை. இடமும் நேரமும் வழக்கமும் ஒரே வரியில் சேரக் கூடாது. ஒருமுறை நடந்து முடிந்ததை இறந்த காலத்தில் எழுதினால், யாரும் உங்களை அங்கே வந்து தேட முடியாது.

அதன்படி "இந்தக் கல்லில் உட்கார்ந்துதான் ராஜினாமாக் கடிதம் எழுதினேன்" என்று மாற்றினேன். கேள்விகள் குவிந்தன. ஆனால் எல்லோரும் ஏன், யாரால், இப்போது என்ன சம்பளம் என்று நேர்முகத் தேர்வு நடத்தத் தொடங்கினார்கள். அந்த வேலையைப் பற்றி முன்பின் தெரியாதவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்லும் மனநிலையில் நான் இல்லை. இருபது பேர் கேட்டாலும் இருபது முறையும் மகிழ்ந்து சொல்லக்கூடிய விஷயத்தை மட்டுமே வரியில் வையுங்கள். இப்போது அங்கே இருப்பது: "அம்மா இங்கே நண்டு பிடித்தார். நண்டு படத்தில் இல்லை." மற்ற படங்களைப் பாதிக் கதை இல்லாமல் சாதாரணமாகவே விட்டேன். தம்பி திருமணக் குழுப்படத்துக்குக் கீழே "இடமிருந்து மூன்றாவது நான்" என்பது போதுமானதாக இருக்கிறது.

சென்ற மாதம் தாம்பரத்திலிருந்து ஒருவர் "அந்தத் தீர்ப்புக்கு மேல்முறையீடு உண்டா?" என்று எழுதினார். இரண்டு வாரம் பேசிய பிறகு, கூட்டமுள்ள ஒரு மாலையில் அதே கடையின் முன் சந்தித்தோம். அவர் முட்டை வேண்டாம் என்றார். கடைக்காரர் என்னைப் பார்த்துவிட்டு, கேட்காமலே அவருக்கு இரண்டாவது கிண்ணம் சூப்பை ஊற்றினார்.