வினாக்கொத்துக்கு ஒரு பட்டியல்

மார்ச் 4, செவ்வாய்

இன்றைய ஆய்வு முறையியல் விரிவுரையில் ஒன்பது பக்கம் குறிப்பெடுத்தேன். வினா தெளிவாக இருக்க வேண்டும், ஒரு வினா ஒன்றை மட்டுமே கேட்க வேண்டும் என்றெல்லாம் எழுதியிருக்கிறேன். பஸ் பயணம் மாணவர் வரவை எப்படிப் பாதிக்கிறது என்பதுதான் எங்கள் ஆய்வு. எங்கள் 16 வினாக்களையும் குறிப்புகளோடு வைத்துப் பார்த்தோம். ஒன்றைக்கூடத் திருத்த முடியவில்லை. எழுதியவருக்குத் தன் வினா தெளிவாகத்தானே தெரியும்!

மார்ச் 6, வியாழன்

ஒவ்வொரு குறிப்பையும் பென்சிலால் அடையாளமிடக்கூடிய சோதனையாக மாற்றுகிறேன்.

"ஒன்றை மட்டுமே கேள்" என்பது "வினாவில் 'உம்' வருகிறதா?" என்று ஆனது. உடனே ஒன்று பிடிபட்டது: "பஸ் கட்டணமும் பயண நேரமும் உங்களுக்குத் திருப்தியா?" கட்டணம் பரவாயில்லை, நேரம்தான் தொல்லை என்பவர் எதைக் குறிப்பார்? 'ஒவ்வொரு நாளும்' என்பதிலும் 'உம்' உண்டு, அதில் பிழையில்லை. ஆகவே இன்னொரு வரி சேர்த்தேன்: ஒன்றுக்கு ஆம், மற்றதற்கு இல்லை என்று ஒருவர் சொல்ல முடியுமா? முடிந்தால் வினாவை இரண்டாகப் பிரிக்க வேண்டும்.

'அடிக்கடி', 'வழக்கமாக' என்ற சொற்களைக் கண்டால் காலமும் எண்ணிக்கையும் கேட்க வேண்டும். 'கடந்த 7 நாட்களில்' என்று எழுதினேன். போயா விடுமுறை வரும் வாரத்தில் அது பொய்க்கணக்காகிவிடும் என்றாள் தோழி. 'கடந்த 5 விரிவுரை நாட்களில்' என்று மாற்றினோம்.

மார்ச் 9, ஞாயிறு

வெள்ளவத்தையில் ஐந்து பேரிடம் கொடுத்துப் பார்த்தோம். "வர எவ்வளவு நேரமாகிறது?" என்ற வினாவுக்குத் தெஹிவளை மாணவி 25 நிமிடம் என்று எழுதினாள். "எப்படிக் கணக்கிட்டீர்கள்?" என்று கேட்டேன்.

"பஸ்ஸில் ஏறியதிலிருந்து, அக்கா. தரிப்பிடத்தில் இருபது நிமிடம் நிற்பதைச் சேர்க்கவில்லை."

வத்தளையிலிருந்து வருபவர் எழுதிய 80 நிமிடத்தில் காத்திருப்பும் இருந்தது. இருவர் விடைகளையும் ஒரே அட்டவணையில் போட்டு ஒப்பிட்டிருப்போம்! வினாவில் 'உம்' இல்லை, 'அடிக்கடி' இல்லை. மேசையில் செய்த எந்தச் சோதனையிலும் இது அகப்பட்டிருக்காது. "விளங்கியதா?" என்று கேட்டிருந்தால் ஐவரும் தலையாட்டியிருப்பார்கள். பட்டியலின் கடைசி வரி இப்போது இதுதான்: விடை எழுதியவர் எப்படிக் கணக்கிட்டார் என்று கேட்டோமா?

புதிய வினா: "வீட்டை விட்டுப் புறப்பட்டதிலிருந்து விரிவுரை மண்டபத்தை அடையும் வரை, காத்திருப்பையும் சேர்த்து, நேற்று எத்தனை நிமிடம்?" இதில் 'உம்' இருக்கிறது, ஆனாலும் கேட்பது ஒரே எண்.

மார்ச் 11, செவ்வாய்

சிங்களப் பிரதியைத் தமிழ் மூலத்தைப் பார்க்காத ஒருவரிடம் கொடுத்துத் திரும்பவும் தமிழாக்கச் சொன்னோம். பயண நேர வினா 'பஸ்ஸில் செலவான நிமிடம்' என்று திரும்பி வந்தது. சிங்கள வாக்கியத்தைத் திருத்தி, இன்னொரு சிங்கள மாணவரிடம் அதே கேள்வியைக் கேட்டேன். காத்திருப்பையும் சேர்த்துத்தான் எண்ணியிருந்தார். நாளை அச்சுக்குப் போகிறது.