லட்சுமணன் கோடு எங்கே?

நாட்டரசன்கோட்டையில் கம்பன் சமாதிக்குப் போகிறவர்கள் ஆரணிய காண்டத்தை ஒருமுறை புரட்டுங்கள். லட்சுமணன் கிழித்த கோடு அதில் இல்லை. வால்மீகியின் ஆரணிய காண்டத்திலும் இல்லை. பின்னால் சொன்னவர்கள் சேர்த்தது.

வால்மீகியில் இராவணன் சீதையின் கூந்தலை இடக்கையாலும் தொடைகளை வலக்கையாலும் பற்றித் தூக்குகிறான். கம்பனில் தொடுவதே இல்லை, பர்ணசாலையோடு நிலத்தையே பெயர்த்தெடுக்கிறான். எவ்வளவு நிலம்? ஒரு யோசனை தூரம்!

இதை வைத்து “உண்மையில் எப்படிக் கடத்தினான்” என்று கேட்டால் பதில் கிடைக்காது. இடைப்பட்ட நூற்றாண்டுகளில் கேட்பவர்களுக்கு எது பொறுக்கவில்லை என்று கேளுங்கள், கிடைக்கும். கம்பன் வரி சோழர் காலத் தமிழ் மனசுக்குச் சான்று, தண்டகாரண்யத்துக்கு அல்ல. லட்சுமணன் கோடு என்று ஒன்றைக் காட்டி ‘இதுதான் இடம்’ என்பவர்களிடம், எந்த நூலில் என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.