முழுப்பணமும் போட்டால்தான் கூரியராம்

பழைய கேனான் 50எம்எம் எஃப்1.8 எஸ்டிஎம் லென்ஸ் ஒன்று 5,500 ரூபாய்க்குக் கையில் வந்து சேர்ந்துவிட்டது. வந்த பாதையை நினைத்தால்தான் இன்னும் எரிச்சலாக இருக்கிறது.

விற்பதாக முதலில் பேசியவர், தான் ராணுவத்தில் இருப்பதாகவும் ஜம்முவுக்கு மாற்றல் என்றும் சொன்னார். கேட்காமலேயே கேன்டீன் கார்டு, ஆதார் படங்களை அனுப்பினார். பொருளைக் காட்டச் சொன்னால் மட்டும் அடையாள அட்டையையே திரும்ப அனுப்பினார்! அவர் கொடுத்த எண்ணை யூபிஐயில் போட்டுப் பார்த்தேன். வங்கிக் கணக்கில் இருந்த பெயர் ஆதாரில் இருந்த பெயர் இல்லை. பேச்சை அங்கேயே முடித்துக்கொண்டேன். இப்படிப்பட்டவரிடம் பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழைக்க வேண்டும். தள்ளிப்போட்டால் பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு நகர்ந்துவிடும்.

அடுத்தவர் கோயம்புத்தூர்க்காரர், கல்யாண போட்டோகிராபர். அவரும் முழுப்பணம் முன்னாலேயே வேண்டும் என்றார். "அனுப்பின பிறகு நீங்க வேண்டாம்னுட்டா நான் என்ன சார் பண்றது?" நியாயம்தான். ஒரு தாளில் என் பெயரையும் அன்றைய தேதியையும் எழுதி, லென்ஸின் சீரியல் நம்பரோடு ஒரே வீடியோவில் காட்டச் சொன்னேன். பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்து, முன்பக்கக் கண்ணாடியைச் சாய்வாகவும் காட்டச் சொன்னேன். ஃபங்கஸ் இருந்தால் சிலந்திவலை போல இழை தெரியும். இதில் இரண்டு தூசிதான். ஆயிரம் ரூபாய் முன்பணம், கூரியர் ரசீது வந்ததும் மீதி என்று பேசி முடித்தோம்.

ரசீது வந்தது. ஆனால் ரசீது, ஏதோ ஒரு பார்சல் கிளம்பியதற்குத்தான் சாட்சி. உள்ளே செங்கல் இருந்தாலும் அதே ரசீதுதான். அதனால் எடையையும் பின்கோடையும் பார்த்தேன். லென்ஸ் சுமார் 160 கிராம், பெட்டியும் பஞ்சும் சேர்த்து 420 கிராம் என்று போட்டிருந்தது. பொருந்தியது. வில்லங்கம் வேறு இடத்தில் இருந்தது. பொருள் 'துணி', மதிப்பு 200 ரூபாய் என்று எழுதியிருந்தார். வழியில் தொலைந்தால் அந்த இருநூறைக் காட்டித்தான் கணக்கு முடிப்பார்கள். மாற்றச் சொன்னேன். முனகிக்கொண்டே போய் 'கேமரா லென்ஸ், 5,500' என்று மாற்றிவந்தார். டிராக்கிங்கில் எண் தெரிந்த பிறகு மீதியை அனுப்பினேன்.

இங்கே வந்த பிறகு கூரியர்காரர்கள் படுத்தினார்கள். நான் வீட்டில் இருக்கும்போதே 'கதவு பூட்டியிருந்தது' என்று போட்டுவிட்டார்கள். கிளைக்குப் போனால் பெட்டியின் ஒரு மூலை நசுங்கியிருந்தது. "கையெழுத்துப் போட்டுட்டு வீட்ல போய்ப் பிரிங்க" என்றார் கவுண்டர்காரர். மறுத்துவிட்டு, ஆறு பக்கமும் போனில் வீடியோ எடுத்து, அவர் முன்னாலேயே பிரித்தேன். சீரியல் நம்பர் சரி, கண்ணாடியில் கீறல் இல்லை, கேமரா பாடியில் மாட்டியதும் ஃபோகஸ் சட்டென்று பிடித்தது. அப்புறம்தான் கையெழுத்து.

பின்மூடியை மட்டும் காணோம். போன் செய்தால், "அட, மேசை மேலேயே இருக்கு சார்" என்கிறார். அதற்கு இன்னொரு கூரியரா? பக்கத்துக் கடையில் நூறு ரூபாய்க்கு வாங்கி மாட்டிவிட்டேன்.